ரூபாயில் போடட்டுமா?

சிங்கப்பூர் போய்வந்த ஒரு கோவைத் தம்பதியின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்கு வசதியாக நான் வைத்தவை. ஆனால் கட்டண விகிதங்கள் நடப்பில் உள்ளவைதான்.

நான்கு இரவு தங்கிய ஓட்டல் பில் 800 சிங்கப்பூர் டாலர். அன்றைக்கு ஒரு டாலர் 65 ரூபாய் என்றால் 52,000 ரூபாய் ஆகிறது. ஸ்டேட்மென்ட்டில் ஓட்டல் பெயருக்கு எதிரே இருப்பது 55,120 ரூபாய். இரண்டு வரி தள்ளி 551 ரூபாய் 20 காசு என்று ஒரு கட்டணம். அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 99 ரூபாய் 22 காசு. ஆக மொத்தம் 55,770 ரூபாய் 42 காசு. டாலருக்குக் கிட்டத்தட்ட 69 ரூபாய் 70 காசு கொடுத்தாயிற்று.

இதைப் பார்த்ததும் யாரும் முதலில் செய்வது வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடுவது. பதிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வரும். "சார், ரேட்டை நாங்க போடறதில்ல. அது கார்டு நெட்வொர்க் போடறது. நீங்க பின் நம்பர் போட்டுத்தானே பணம் கட்டியிருக்கீங்க?" போன் வைக்கப்படும். கோபத்தில் ஒரு மெயிலும் போகும்: 'அநியாய ரேட் போட்டிருக்கிறீர்கள், வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள்.' அதற்கும் அதே பதில் கொஞ்சம் மரியாதையாக எழுத்தில் வரும்.

அந்த மெயில் தோற்றதற்குக் காரணம் அதில் நியாயம் இல்லாததல்ல. 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது, உண்மை. ஆனால் அதை எடுத்தது யார் என்று மெயிலில் இல்லை. வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது ரூபாயாக மாறும் வழியில் மூன்று இடங்களில் பணம் கழியலாம். எந்த இடத்தில் கழிந்தது என்பதைப் பொறுத்துத்தான் கடிதம் எழுத வேண்டும். இடம் தெரியாமல் எழுதினால் வங்கி அடுத்தவரைக் கைகாட்டிவிடும், அப்படிக் கைகாட்டுவதில் பாதி உண்மையும் இருக்கும்.

முதல் இடம், விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க். கடைக்காரர் டாலரில் பில் போட்டால் அதை ரூபாயாக மாற்றும் ரேட்டை இவர்கள்தான் நாள்தோறும் வைக்கிறார்கள். மொத்தச் சந்தை ரேட்டை ஒட்டியே இருக்கும், பெரிதாக விலகாது. ரேட் ரகசியமும் இல்லை. இரண்டு நிறுவனங்களின் இணையதளத்திலும் நாணய மாற்றுக் கணக்கி ஒன்று உண்டு. நாளையும் நாணயத்தையும் கொடுத்து, வங்கிக் கட்டணம் கேட்கும் கட்டத்தில் பூஜ்யம் போட்டால் அன்றைய ரேட் வந்து நிற்கும். இங்கே ஒரு சிறு விஷயம்: கார்டு தேய்த்த நாளும், அது நெட்வொர்க்கில் கணக்காகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். வெள்ளி இரவு வாங்கியது திங்கள்கிழமை ரேட்டில் வரலாம். பத்துக் காசு, இருபது காசு வித்தியாசத்துக்கு இதுவே காரணமாக இருக்கும். அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

இரண்டாவது இடம், கார்டு கொடுத்த நம் ஊர் வங்கி. நெட்வொர்க் ரேட்டின் மேல் ஒரு சதவீதத்தை வைக்கும், அதுதான் மார்க்கப். இந்தியக் கார்டுகளில் மூன்றரை சதவீதம் என்பது சர்வசாதாரணம். விலை உயர்ந்த கார்டுகளில் இரண்டு சதவீதத்தை ஒட்டி இருக்கும். சிலவற்றில் அறவே கிடையாது. மார்க்கப் என்பது வங்கியின் சேவைக் கட்டணம் என்பதால் அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. எனவே மூன்றரை என்று அச்சடித்தது பையிலிருந்து போகும்போது 4.13 சதவீதமாகிறது. மூன்று என்பது 3.54, இரண்டு என்பது 2.36, ஒன்று என்பது 1.18.

இந்த நான்கு எண்களும் துப்பறிய நன்றாக உதவும். சில வங்கிகள் மார்க்கப்பைத் தனி வரியாகக் காட்டும், சில வங்கிகள் ரூபாய்த் தொகைக்குள்ளேயே கலந்துவிடும். கலந்திருந்தால், ஸ்டேட்மென்ட்டில் உள்ள ரூபாயை டாலரால் வகுத்து, வருவதை நெட்வொர்க் ரேட்டால் வகுத்துப் பாருங்கள். 1.0413 வந்தால் மூன்றரை சதவீதம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் கார்டுக்கு மூன்றரை என்று விதிமுறையில் எழுதியிருந்தால் அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 'மூன்றரை என்று சொல்லிவிட்டு நாலுக்கு மேல் எடுத்திருக்கிறார்கள்' என்ற புகார்கள் பலவற்றுக்கும் அந்த ஜி.எஸ்.டி.தான் விடை.

கோவைத் தம்பதி டாலரிலேயே கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? 52,000-க்கு மூன்றரை சதவீதம் 1,820 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. 327 ரூபாய் 60 காசு. மொத்தம் 54,147 ரூபாய் 60 காசு. இது அவர்கள் கார்டு வாங்கும்போதே ஒப்புக்கொண்ட செலவு. கட்டியதோ 55,770 ரூபாய் 42 காசு. ஆகவே கேள்விக்குரிய தொகை 3,770 ரூபாய் அல்ல, இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட 1,622 ரூபாய் 82 காசு மட்டுமே. கடிதத்தில் இந்தத் தொகையைத்தான் கேட்க வேண்டும். கூட்டிக் கேட்டால், கணக்கு தெரியாமல் எழுதியிருக்கிறார் என்று முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த 1,622 ரூபாய் போனது மூன்றாவது இடத்தில், ஓட்டல் வரவேற்பு மேசையில்.

கார்டு மெஷினில் செருகப்பட்டதும், கார்டு எண்ணின் முன்பகுதி இலக்கங்களை வைத்து அது எந்த நாட்டு வங்கியின் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடுகிறது. உடனே திரையில் இரண்டு தொகைகள் வரும், சிங்கப்பூர் டாலரில் ஒன்று, ரூபாயில் ஒன்று. ரூபாயைத் தொட்டால், நாணய மாற்றம் அங்கேயே, கடையின் வங்கியும் அதற்கு இந்தச் சேவை தரும் நிறுவனமும் வைத்த ரேட்டில் முடிந்துவிடும். இதற்கு டைனமிக் கரன்ஸி கன்வெர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டி.சி.சி. அந்த ரேட்டில் இருக்கும் லாபத்தில் கடைக்கும் பங்கு உண்டு. "நம்ம காசிலேயே தெரிஞ்சா வசதிதானே" என்று மேசைக்குப் பின்னால் நிற்பவர் கனிவாகச் சொல்வதில் அந்தப் பங்கும் சேர்த்தி.

இதில் இந்தியர்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. ரூபாயில்தானே கட்டினோம், நம் வங்கிக்கு இதில் மாற்ற என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த பரிவர்த்தனைக்கும் நம் வங்கிகள் பல கட்டணம் வைத்திருக்கின்றன. ஒரு சதவீதம் என்பது பரவலான அளவு, சில வங்கிகளில் அதற்கு மேலும் உண்டு. உதாரணத்தில் வந்த 551 ரூபாய் 20 காசு அதுதான். மார்க்கப்பே இல்லை என்று விளம்பரம் செய்யும் கார்டுகளிலும் இந்தக் கட்டணம் தனியாக இருக்கலாம். சிங்கப்பூர் போகாமல் வீட்டில் உட்கார்ந்தபடியே இதில் மாட்டுகிறவர்களும் உண்டு. ரூபாயில் விலை காட்டும் ஓட்டல் புக்கிங் தளமோ, மாதச் சந்தா வாங்கும் செயலியோ வெளிநாட்டில் பதிவான வணிகராக இருந்தால் ஸ்டேட்மென்ட்டில் இந்த ஒரு சதவீதம் வந்து உட்காரும்.

நம் பில்லில் டி.சி.சி. நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார்டு தேய்த்த அடுத்த நிமிடம் போனுக்கு வரும் குறுஞ்செய்தியே சொல்லிவிடும். SGD 800.00 என்று வந்தால் டாலரில் போயிருக்கிறது. வெளிநாட்டுக் கடையின் பெயரோடு INR 55,120.00 என்று வந்தால் டி.சி.சி. நடந்துவிட்டது. மேசையை விட்டு நகரும் முன் இதைக் கவனித்தால் வேலை சுலபம். "இதை ரத்து செய்து டாலரில் போடுங்கள்" என்று கேட்கலாம். அன்றைய கணக்கை மெஷின் முடிப்பதற்கு முன் ரத்து செய்தால் தொகை அப்படியே விலகிவிடும். மறுநாள் கேட்டால் ரத்து அல்ல, ரீஃபண்ட் ஆகிவிடும். அது வேறொரு நாள் ரேட்டில் வரலாம். நம் வங்கி எடுத்த கட்டணம் அதோடு தானாகத் திரும்பாமலும் போகலாம்.

மேசையில் கவனிக்கவில்லை, ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட்டில்தான் தெரிந்தது என்றால், பையில் கிடக்கும் சீட்டைத் தேட வேண்டும். நம் உதாரணத்தில் அந்தச் சீட்டில் இப்படி இருக்கும்:

```
SGD 800.00
INR 55,120.00
EXCHANGE RATE 1 SGD = 68.9000 INR
MARGIN 6.00%
```

இதற்குக் கீழே பொடி எழுத்தில், 'எனக்கு உள்ளூர் நாணயத்தில் கட்டும் வாய்ப்பு தரப்பட்டது, இந்த நாணயத்தை நானே தேர்ந்தெடுத்தேன்' என்ற பொருளில் இரண்டு வரிகள் அச்சாகியிருக்கும். வழக்கின் உயிர் இந்த இரண்டு வரிகளில்தான். மெஷின் அதைத் தானாக அச்சடிக்கிறது. உண்மையில் யாராவது கேட்டார்களா என்பது அதற்குத் தெரியாது.

நெட்வொர்க்குகளின் விதிப்படி, டி.சி.சி.யை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு இரண்டு நாணயத்திலும் தொகை, மாற்று ரேட், மார்க்கப் எல்லாம் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஊழியர் தன் விருப்பத்துக்கு ரூபாயைத் தொட்டுவிட்டு மெஷினைத் திருப்பி "பின் போடுங்க" என்று நீட்டக்கூடாது. ஆறு சதவீதம் வைப்பது விதிமீறல் இல்லை. சொல்லாமல் வைப்பதும், கேட்காமல் போடுவதும் மீறல். புகார் எழுதுபவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். ரேட் மோசம் என்று எழுதுகிறார்கள். மோசமான ரேட்டைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, அதனால் வங்கிக்கு அதில் செய்ய ஒன்றுமில்லை. 'எனக்குத் தேர்வு தரப்படவில்லை' என்பது மட்டும்தான் வங்கி எடுத்து நடத்தக்கூடிய வழக்கு.

அப்படி எழுதினால் வங்கி அதை டிஸ்ப்யூட் என்று பதிந்து, கடையின் வங்கிக்கு நெட்வொர்க் வழியாக அனுப்ப முடியும். விசாவில் தவறான நாணயம் என்ற தலைப்பில் 12.3 என்ற காரண எண்ணே இதற்கு இருக்கிறது. கேட்காமல் செய்த டி.சி.சி.யும் அதன் கீழ் வருகிறது. மாஸ்டர்கார்டில் 4834 என்ற எண்ணின் கீழ் வருகிறது. இந்த எண்களை வாடிக்கையாளர் எழுதியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் எழுதினால் மெயில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலேயே சுற்றிக்கொண்டிராமல் டிஸ்ப்யூட் பிரிவுக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். காலக்கெடுவும் உண்டு. விசாவில் வங்கி அதைத் தொடுக்க 120 நாள் அவகாசம், பரிவர்த்தனை கணக்கான நாளிலிருந்து. அது வங்கிக்கான கெடு. நமக்கு வங்கி வைக்கும் கெடு அதைவிடக் குறைவாக இருக்கும், ஆகவே ஸ்டேட்மென்ட் வந்த வாரத்திலேயே எழுதிவிடுவது உத்தமம்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. கோவைத் தம்பதி எழுதினால் சாரம் இப்படி இருக்கலாம்:

"என் கார்டின் கடைசி நான்கு இலக்கம் இன்னது. இன்ன தேதியில் சிங்கப்பூரில் இன்ன ஓட்டலில் நடந்த பரிவர்த்தனையை மறுக்கிறேன். ஓட்டல் பில் 800 சிங்கப்பூர் டாலர், பில் நகல் இணைத்துள்ளேன். அதை ஓட்டல் ஊழியர் என்னைக் கேட்காமல் ரூபாய்க்கு மாற்றி 55,120 ரூபாயாகப் போட்டிருக்கிறார். எந்த நாணயத்தில் கட்டுகிறேன் என்ற தேர்வு எனக்குத் தரப்படவில்லை. மாற்று ரேட்டும் மார்க்கப்பும் பின் எண் போடும் முன் எனக்குக் காட்டப்படவில்லை. பின் எண் போட்டது 800 டாலர் பில்லைக் கட்டுவதற்கு, நாணய மாற்றத்துக்கு ஒப்புதலாக அல்ல. இதை நாணயத் தவறு என்ற பிரிவில் டிஸ்ப்யூட்டாகப் பதிந்து, 800 டாலராகத் திருத்தக் கோருகிறேன். இந்தப் பரிவர்த்தனைக்காக நீங்கள் எடுத்த 551 ரூபாய் 20 காசையும் அதன் மேல் எடுத்த ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். புகார் எண்ணை எழுத்தில் தெரிவிக்கவும்."

இணைக்க வேண்டியவை: ஓட்டல் தந்த பில், மெஷின் சீட்டு இரண்டு பக்கமும், குறுஞ்செய்தியின் படம், அந்த நாளின் நெட்வொர்க் ரேட் பக்கத்தின் படம். இவற்றில் அதிகம் பேசுவது ஓட்டல் பில்தான், ஏனென்றால் விலை டாலரில் பேசப்பட்டது என்பதற்கு ஓட்டலே தந்த சாட்சி அது. ஊர் திரும்பும் முன்பே ஓட்டலுக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. "எங்கள் ஊழியர் வழக்கமாக உங்கள் நாட்டு நாணயத்தில்தான் போடுவார்" என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால், கேட்காமல் போட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். திரையில் இரண்டு தொகையும் தெரிந்து, நாமே ரூபாயைத் தொட்டிருந்தால், அல்லது அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தால், இந்த டிஸ்ப்யூட் நிற்பது கஷ்டம். கடையின் வங்கி அந்தச் சீட்டை அனுப்பிவைக்கும், வழக்கு முடிந்துவிடும். கேட்டார்கள், ஆனால் எனக்குப் புரியவில்லை என்பது வாதமாக எடுபடாது. அப்படிப்பட்டவர்கள் 1,622 ரூபாயை விட்டுவிட்டு, அடுத்த முறை டாலரைத் தொடுவதுதான் கணக்கு. ஏ.டி.எம்.மிலும் இதே கதைதான். 'மாற்றம் வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினால் பணம் வராமல் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வரும். நெட்வொர்க் ரேட்டில் வரும்.

டிஸ்ப்யூட் நடக்கும்போது பில்லைக் கட்டாமல் வைக்கலாமா என்று கேட்பார்கள். 1,600 ரூபாய்க்காக 55,000-க்கு வட்டி கட்ட நேர்ந்தால் நஷ்டம் நமக்குத்தான். தகராறுத் தொகையை நிறுத்தி வைத்திருப்பதாக வங்கி எழுத்தில் சொன்னாலொழிய, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, திரும்ப வருவதைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

இதுவரை சொன்னது கடைக்காரர் செய்த காரியம். வங்கியே சொல்லாமல் எடுத்தால் கடிதத்தின் தொனியும் ஆதாரமும் மாறும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கிரெடிட், டெபிட் கார்டுகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கார்டு கொடுக்கும்போது சொல்லாத எந்தக் கட்டணத்தையும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது. கட்டணத்தை மாற்றுவதாக இருந்தால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒரு பில்லை மறுத்தால், 30 நாட்களுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தர வேண்டும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு, கார்டோடு வந்த முக்கிய விதிமுறைகள் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அதில் உங்கள் கார்டுக்கு இரண்டு சதவீதம் என்று போட்டிருந்து, வகுத்துப் பார்த்ததில் 1.0413 வந்தால் வங்கி மாட்டிக்கொண்டது. சமீபத்தில் ஏற்றினோம் என்று சொன்னால், அறிவித்த மெயிலின் தேதியைக் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட கடிதத்தில் கேட்க வேண்டியது மூன்று எண்கள்: பயன்படுத்திய நெட்வொர்க் ரேட், அது எந்தத் தேதிக்கு உரியது, அதன் மேல் வைத்த மார்க்கப் சதவீதம். இந்த மூன்றையும் தராமல் 'ரேட் சரியானதே' என்று மட்டும் வரும் பதில் விளக்கம் ஆகாது என்று அடுத்த மெயிலில் எழுதலாம்.

சொல்லாமல் மார்க்கப் வைப்பது இந்தியாவில் மட்டும் எழுந்த பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் வெளிநாட்டுச் செலவுகளுக்குக் கார்டு நிறுவனங்களும் வங்கிகளும் நாணய மாற்றுக் கட்டணத்தைச் சரியாகத் தெரிவிக்காமல் எடுத்ததாக வழக்குகள் நடந்தன. அவற்றில் ஒன்றில் 2006-ல் 33 கோடியே 60 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்ற சில்லறைதான். கோடிக்கணக்கான கார்டுகளில் கூட்டினால் அந்த அளவுக்கு வருகிறது.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் பதியலாம், காசு கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும். போனில் பேசியது மட்டும் போதாது, புகார் எண்ணும் தேதியும் வேண்டும். தாமதிக்கவும் கூடாது.

அங்கேயும் வார்த்தைகள் முக்கியம். குறைதீர்ப்பாளர் திட்டத்தில், வங்கியின் வணிக முடிவுகள் பற்றிய புகார்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூன்றரை சதவீதம் அதிகம் என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு, புகார் வாசலிலேயே திரும்பிவிடும். 'விதிமுறையில் இரண்டு என்று சொல்லிவிட்டு மூன்றரை எடுத்தார்கள்' என்றால் அது சேவைக் குறைபாடு, உள்ளே போகும். டி.சி.சி. வழக்கிலும் இதே நுணுக்கம்தான். சிங்கப்பூர் ஓட்டல் மேல் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் இல்லை, 'ஓட்டல் ஏமாற்றியது' என்ற புகாரால் பயனில்லை. 'கெடுவுக்குள் எழுத்தில் கேட்டும் என் வங்கி டிஸ்ப்யூட் பதிய மறுத்தது, மறுப்புக்குக் காரணம் சொல்லவில்லை' என்பது அவர்கள் விசாரிக்கக்கூடிய விஷயம்.

டிஸ்ப்யூட் ஜெயித்தால் பணம் எப்படி வரும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் அது பார்க்கக் குழப்பமாக இருக்கும். 1,622 ரூபாய் 82 காசு என்று ஒரே வரியில் வராமல், பெரும்பாலும் 55,120 ரூபாய் முழுவதும் வரவாகும். சில நாள் கழித்து அதே ஓட்டல் 800 டாலராக மறுபடி பில் போடும். புதுப் பற்று வந்துவிட்டதே என்று பதறி மறுபடி புகார் செய்ய வேண்டாம். அது அப்போதைய ரேட்டில் கணக்காகும். அன்றைக்கு டாலர் 65 ரூபாய் 30 காசு என்றால் 52,240 ரூபாய், மார்க்கப்பும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 54,397 ரூபாய் 51 காசு. இடையில் ரூபாய் சரிந்திருப்பதால் நமக்கு மிஞ்சுவது சற்றுக் குறையும்.

வரவு வந்த ஸ்டேட்மென்ட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓட்டலின் 55,120 திரும்பியிருக்கும், வங்கி தன் பங்குக்கு எடுத்த 551 ரூபாய் 20 காசும் 99 ரூபாய் 22 காசும் திரும்பாமல் அப்படியே நிற்கும். ஓட்டல் தரப்பிலிருந்து வருவது வேறு வழி, வங்கி தன் கட்டணத்தைத் திருப்புவது வேறு வழி. இரண்டாவதை யாராவது கேட்டால்தான் செய்வார்கள். பழைய புகார் எண்ணையே போட்டு, பரிவர்த்தனையே ரத்தாகிவிட்டதால் அதன் மேல் எடுத்த 650 ரூபாய் 42 காசையும் திருப்பும்படி நான்கு வரி மெயில் ஒன்று போட வேண்டும்.